மகன் கையில் கார்டு, கடன் அப்பா தலையில்

சாட்ஸ்வொர்த்தில் கணக்கு பார்த்துக் கொடுக்கும் என்னிடம், பிள்ளைகள் கேப் டவுனுக்குப் படிக்கக் கிளம்பும் பிப்ரவரி தாண்டியதும் ஒரே மாதிரி சண்டை வரும். வங்கி ஏமாற்றிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வங்கி ஒன்றும் செய்திருக்காது.

ஒருவர் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி. அவர் கிரெடிட் கார்டு லிமிட் 40,000 ராண்ட். மனைவிக்கு ஒரு கூடுதல் கார்டு, மகனுக்கு ஒன்று. மகன் கார்டுக்கு மட்டும் 20,000 என்று உச்சவரம்பு வைத்திருந்தார் (எல்லா வங்கியும் இதற்கு விடுவதில்லை). அவர் மனதில் இருந்த கணக்கு: எனக்கு 40, பையனுக்குத் தனியாக 20.

அப்படி இல்லை. மூன்று கார்டுக்கும் சேர்த்தே 40,000தான். அந்த 20,000 மகனுக்கென்று எடுத்து வைத்த பணமும் இல்லை, அதற்கு மேல் அவன் போக முடியாது என்ற தடுப்பு மட்டுமே. வீட்டுச் செலவில் ஏற்கெனவே 22,500 ஏறியிருந்தது, மீதி 17,500. மகன் அறைக்கு முன்பணம் 9,000, லேப்டாப் 7,900 என்று ஒரே வாரத்தில் தேய்த்துவிட்டான், தன் வரம்புக்குள்தான். மிச்சம் 600. அப்பா பெட்ரோல் பங்கில் 850க்குப் போடச் சொல்லி, பங்க் ஊழியர் போட்டும் முடித்த பிறகு கார்டு டிக்லைன்!

"அவன் வாங்கினது, அவன்கிட்ட கேளுங்கண்ணே" என்று வங்கியில் சொல்லிப் பார்த்தாராம். அவர்கள் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டவர் முதன்மைக் கார்டுதாரர், 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டப்படி இந்த அளவு கடனைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று வங்கி சோதித்ததும் அவர் வருமானத்தைத்தான். அதனால் கட்டத் தவறினாலும் கடன் பதிவேட்டில் கறை படிவது அவர் பெயருக்கே. மகனிடம் வாங்குவது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

இதில் இன்னொரு பொறி, ஏடிஎம். கடையில் வாங்கினால் முழு பில்லையும் கெடுவுக்குள் கட்டும்வரை வட்டி இல்லாத நாட்கள் கிடைக்கும். கூடுதல் கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக அன்றிலிருந்தே வட்டி, கட்டணமும் உண்டு. ஸ்டேட்மென்ட் வந்தால் கடைசித் தொகையை மட்டும் பார்க்காமல், எந்தக் கார்டு எண்ணில் எது போயிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். அதைவிட, ஒவ்வொரு செலவுக்கும் எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கும் வரும்படி செய்துவிடுங்கள்.

அப்புறம், கணவன் மனைவி பிரிந்தாலோ மகன் வேலைக்குப் போனாலோ பிளாஸ்டிக்கைக் கத்தரியால் வெட்டினால் போதும் என்று விடாதீர்கள், போனில் சேமித்த எண் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கார்டை ரத்து செய்யச் சொல்லி வங்கியிடம் நீங்களே கேட்டு, உறுதிச் செய்தியை வாங்கி வையுங்கள். அதுவரை அதில் போகிற செலவும் உங்கள் கணக்கில்தான்.