ரீசார்ஜ் செய்த பிறகும் பாட்டுச் சந்தா ஏன் நிற்கிறது?

வங்கி அட்டை இல்லாதவர்களும் இசைச் செயலிக்குச் சந்தா கட்ட வழி தருகிறது கேரியர் பில்லிங். சந்தாத் தொகையை ப்ரீபெய்ட் சிம்மில் இருக்கும் பேலன்ஸிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். சேரும்போது சுலபமாகத்தான் இருக்கும். புதுப்பிக்கும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில், பணம் யாருடையது என்று எப்படித் தெரிகிறது? மொபைல் டேட்டாவில் இருந்தால், எந்த எண்ணிலிருந்து கோரிக்கை வருகிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியும். வைஃபையில் தெரியாது, அதனால் எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்புவார்கள். இரண்டு சிம் போட்டவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: டேட்டாவுக்கு எந்த சிம்மை வைத்திருக்கிறீர்களோ, பெரும்பாலும் அந்த எண்தான் சந்தாவோடு இணையும். உறுதிப்படுத்தியதும் அந்த எண்ணுக்குப் பதிலாக ஓர் அடையாளக் குறியீடு சேமிக்கப்படுகிறது. அடுத்த மாதம் முதல் அந்தக் குறியீட்டை வைத்தே பணம் கேட்பார்கள். செயலியை நீக்கினாலும் சந்தா ரத்தாகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, புதுப்பிக்கும் நாளுக்கு வருவோம். சந்தா 100 என்றும், பேலன்ஸ் 60 என்றும் வைத்துக்கொள்வோம். இசைச் சேவை ஓர் இடைத்தரகு நிறுவனம் வழியாகத் தொலைபேசி நிறுவனத்தின் கட்டணக் கணினியிடம் 100 கேட்கிறது. போதாது என்று பதில் வருகிறது. பல சேவைகள் உடனே பாட்டை நிறுத்துவதில்லை. சில நாள் அவகாசம் கொடுத்து, நடுநடுவே மறுபடி கேட்டுப் பார்க்கும்.

மூன்றாம் நாள் நீங்கள் 300க்கு ஒரு பேக் போடுகிறீர்கள். அப்புறமும் பணம் எடுக்க முடியவில்லை என்றே செய்தி வருகிறது. எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் குழப்புவது இந்த இடம்தான். ப்ரீபெய்ட் கணக்கு ஒரே பை அல்ல. மெயின் பேலன்ஸ் தனி, டேட்டாவும் அழைப்பும் அடங்கிய பேக் தனி. பேக் போட்டால் அந்த 300 முழுக்க ஜிபியாகவும் நிமிடங்களாகவும் மாறிவிடுகிறது. கேரியர் பில்லிங் பொதுவாக மெயின் பேலன்ஸை மட்டுமே தொடும், அதில் இன்னும் 60தான் இருக்கிறது. ஆகவே "ரீசார்ஜ் செய்தேனா" என்பதைவிட "மெயின் பேலன்ஸ் எவ்வளவு" என்று பார்ப்பதே சரியான சோதனை.

இப்போது டாப்-அப் செய்து 50 ஏற்றுகிறீர்கள். மொத்தம் 110. வேறு எதற்கோ வைத்த பணம் அது. அடுத்த முயற்சியில் 100 போய்விடும், கையில் 10 மிஞ்சும். பேலன்ஸ் காணாமல் போய்விட்டது என்று வரும் புகார்களில் பல, இப்படி நிலுவையில் நின்ற சந்தாவின் வேலைதான். சந்தா வேண்டாம் என்றால், பேலன்ஸ் ஏற்றுவதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள்.

இதைவிட எரிச்சலூட்டும் கோளாறு இன்னொன்று உண்டு. தொலைபேசி நிறுவனம் 100ஐக் கழித்துவிடும், ஆனால் "கழித்தாயிற்று" என்ற பதில் வழியில் தொலைந்துபோகும். செயலி தோல்வி என்கிறது, எஸ்எம்எஸ்ஸோ பணம் எடுக்கப்பட்டது என்கிறது. இந்த இரண்டு செய்தியும் முரண்பட்டால் உடனே மறுபடி கட்டணப் பொத்தானை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிப் பரிவர்த்தனை எண் உண்டு. கணினி தானாக மறுமுயற்சி செய்யும்போது அதே எண்ணை அனுப்பினால், "இது பழைய கோரிக்கை" என்று அடையாளம் கண்டு இரண்டாம் முறை கழிக்காது. நீங்கள் அழுத்தினால் புது எண் பிறக்கும், இரட்டைக் கட்டணம் விழ வாய்ப்புண்டு. இரு தரப்பும் தங்கள் கணக்குகளைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இத்தகைய பிசகு பிடிபடும். அப்போது சந்தாவை இயக்குவார்கள், அல்லது பேலன்ஸைத் திருப்பித் தருவார்கள். அதுவரை அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்க வேண்டாம். புகார் கொடுக்கும்போது, கழிக்கப்பட்ட தொகையும் நேரமும்தான் உங்களிடம் இருக்கும் ஆதாரம்.

பேக்கோடு இலவசமாக வரும் இசைச் சந்தா வேறு வகை. அதில் பேலன்ஸை யாரும் தொடுவதில்லை. பேக் உயிரோடு இருக்கும்வரை அந்த எண்ணுக்கு உரிமை உண்டு என்று தொலைபேசி நிறுவனம் சேவையிடம் சொல்கிறது, அவ்வளவுதான். பேக் காலாவதியானால், டவுன்லோடு செய்து வைத்த பாட்டுகளும் பூட்டிக்கொள்ளலாம்.

ரத்து செய்வதைப் பொறுத்தவரை, சந்தாவை எங்கே தொடங்கினீர்களோ அங்கேதான் நிறுத்த வேண்டும். ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அதன் சந்தாப் பக்கத்தில், தொலைபேசி நிறுவனம் வழியாக என்றால் அதன் செயலியில். எண்ணைக் கைவிடப் போகிறவர்களும் வேறு நிறுவனத்துக்கு மாற்றப் போகிறவர்களும் இதை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். எண்ணோ நிறுவனமோ மாறினால் பழைய குறியீடு பொதுவாகச் செல்லாது. சந்தா தொடர வேண்டுமென்றால் புதிய இணைப்பில் மறுபடி எண்ணை உறுதிப்படுத்த வேண்டியிருக்கும்.