நடுவில் போர்டு மாற்றும் முன் ஒரு தடவை விசாரியுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், பள்ளத்தூர்ப் பக்கமிருந்து பெற்றோர் கவுன்சலிங் விண்ணப்பம் போட என்னிடம் வருகிறார்கள். உயர்கல்வி ஆலோசனைதான் என் வேலை. ஒவ்வொரு வருடமும் அதே தவறு, பிள்ளையை நடுவில் அரசுப் பள்ளியிலிருந்து வேறு போர்டுக்கு மாற்றுவது. மூன்று, நான்கு வருடத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டு, திருத்தவே முடியாத நேரத்தில் வந்து உட்காருகிறார்கள். இந்த வருடம் வந்த ஒரு பெண்ணின் கதையைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் வகுப்பு வரை கல்லல் பக்கத்து அரசுப் பள்ளி. அப்பா மலேசியாவில் வேலை. நீட் எழுதணும் என்றால் சி.பி.எஸ்.இ.தான் என்று உறவுக்காரர் சொல்ல, ஒன்பதாம் வகுப்பில் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற்றினார்கள். கட்டணம், வேன், புத்தகம், டியூஷன் எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்தில் ஒன்றே முக்கால் லட்சம் ஆகியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தது, பிள்ளைக்கு உயிரியலும் பிடிக்கவில்லை. பதினொன்றில் கணிதப் பிரிவு எடுத்து மறுபடியும் அரசுப் பள்ளிக்கே வந்துவிட்டாள். நன்றாகவே படித்தாள். கணிதம் 88, இயற்பியல் 84, வேதியியல் 90. கணிதத்தை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 88, 42, 45. கட்ஆஃப் 200-க்கு 175.

அவள் கேட்டது காரைக்குடியிலேயே இருக்கும் அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி. வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் குறைவு. பொதுப் பட்டியலில் அவள் கேட்ட பிரிவு அங்கே கிடைக்கவில்லை. "சார், கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்குல்ல, இவளும் கவர்மென்ட் ஸ்கூல்தானே?" என்று அம்மா கேட்டார். இல்லையம்மா. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் இரண்டு வருடம் வெளியே போய்விட்டு வந்தால் உரிமை போய்விடும். பதினொன்றில் சேர்த்த பள்ளியிலாவது யாராவது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியும் பலன் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இந்த ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் போட்டியிடுகிறார்கள். இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தப் பெண்ணுக்கு இது மட்டும் போகவில்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளியைத்தான் பார்க்கிறார்கள். நான்கு வருடப் படிப்புக்கு அது 48 ஆயிரம். செலவழித்த ஒன்றே முக்கால் லட்சத்தோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம். செட்டிநாட்டில் பழைய நல்ல பள்ளிகள் பல, அந்தக் காலத்தில் நகரத்தார் கட்டிக்கொடுத்த அரசு உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, புத்தகம் இலவசம். அதனால் அரசுப் பள்ளி என்றே நினைக்கிறோம். 7.5 சதவீதத்துக்கு அவை சேராது. அங்கே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாத ஆயிரம் ரூபாய்த் திட்டம் பின்னால் நீட்டிக்கப்பட்டது, ஒதுக்கீடு நீட்டிக்கப்படவில்லை. செக்ரி ஆய்வு நிறுவன வளாகத்தில் இருக்கும் கேந்திரிய வித்யாலயா மத்திய அரசுப் பள்ளி, கட்டணமும் குறைவு. அதுவும் இந்தக் கணக்கில் வராது.

சரி, எல்லாரையும் இப்படி ஓட வைக்கும் அந்த நம்பிக்கைக்கு வருகிறேன். "நீட் கேள்வி சி.பி.எஸ்.இ.யிலிருந்துதான் வருது." எத்தனை முறை சொல்லிவிட்டேன்! நீட் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல். அவ்வளவுதான். எல்.கே.ஜி.யில் எந்த போர்டு, ஆறாம் வகுப்பில் எந்த போர்டு என்று அந்தத் தேர்வுக்குத் தெரியாது. கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி வருவது உண்மை. அந்தப் புத்தகங்கள் ncert.nic.in தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, யாரும் படிக்கலாம். நம் மாநிலப் புத்தகங்களும் 2018-லிருந்து புதிதாக எழுதப்பட்டவை, பாடம் குறைவில்லை. உண்மையான வித்தியாசம் தேர்வு எழுதும் பழக்கத்தில் இருக்கிறது. நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம், தப்பாக எழுதினால் மதிப்பெண் கழியும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே திணறுகிறது. பயிற்சி இல்லாத சி.பி.எஸ்.இ. பிள்ளையும் அதே மாதிரிதான் திணறுகிறது. அதனால்தான் அவர்களும் கோச்சிங் போகிறார்கள். பள்ளிக் கட்டணம் ஒரு பக்கம், கோச்சிங் கட்டணம் ஒரு பக்கம்.

மெட்ரிக் பள்ளியை வேறு போர்டு என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சமச்சீர் கல்வி வந்தபிறகு அங்கேயும் மாநிலப் பாடத்திட்டம்தான். கட்டணமும் ஆங்கில வழியும்தான் வித்தியாசம்.

சுமை விஷயத்தில், மேல்நிலையில் மாநிலப் பாடத்திட்டத்துக்கு ஆறு பாடம், 600 மதிப்பெண். சி.பி.எஸ்.இ.யில் ஐந்து பாடம் போதும், பெரும்பாலோர் அங்கே தமிழை விட்டுவிடுகிறார்கள். பின்னால் டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைத்தால் தமிழ்த் தகுதித் தாள் காத்திருக்கும். ஆனால் அப்பாவுக்கு மாநிலம் விட்டு மாநிலம் மாறுதல் வரும் என்றால், சி.பி.எஸ்.இ. போல வசதி வேறில்லை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நானே அதைத்தான் சொல்வேன்.

சர்வதேசப் பாடத்திட்டம் என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விடுதி வாழ்க்கை, வருடத்துக்கு லட்சக் கணக்கில் கட்டணம், அதன்மேல் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பாடத்துக்கு இவ்வளவு என்று தனிப்பணம். வெளிநாட்டில்தான் கல்லூரி என்று முடிவாகிவிட்ட குடும்பத்துக்கு அது சரியான வழி. சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்து இங்கே பொறியியல் சேர நினைப்பவர்கள் கவனியுங்கள். ஐ.பி. மே மாதத் தேர்வு முடிவு ஜூலையில் வரும், ஏ லெவல் ஜூன் தேர்வு முடிவு ஆகஸ்டில். இங்கே விண்ணப்பத் தேதிகள் அதற்காகக் காத்திருக்காது. கேம்பிரிட்ஜ் இந்தியாவில் மார்ச் தேர்வு நடத்துகிறது, முடிவு மே மாதம் வந்துவிடும். அதைக் கேட்டு எழுத வையுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் ஏ லெவலில் எடுத்திருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளை இப்போது அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலோ ஏழிலோ படிக்கிறதா? மாற்றச் சான்றிதழ் கேட்டுக் கையெழுத்துப் போடும் முன் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒதுக்கீடு போகும் என்று தெரிந்தே மாற்றினால் அது உங்கள் முடிவு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஏற்கெனவே கல்வி உரிமைச் சட்டத்தின் ஆர்.டி.இ. இலவச இடத்தில் தனியாரில் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் ஒதுக்கீடு உண்டு. அந்த மாற்றத்தை ஒன்பதிலேயே செய்யுங்கள், பத்து முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பள்ளி மாறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று படிப்புச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மே மாதம் தலைமையாசிரியரைத் தேடி அலைவது பெரிய பாடு.