காலையில் ஒன்று, மாலையில் இரண்டு

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அத்தைக்கு 58 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாமி அறையில் குத்துவிளக்கு ஏற்றியவர், “தம்பி, விளக்கு இரண்டாகத் தெரிகிறது” என்றார். வலது மேலிமை கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் மருத்துவ நிலையத்தில் வரிசையில் நின்று மருத்துவரைப் பார்த்தபோது இமையும் சரியாக இருந்தது, பார்வையும் ஒன்றாகிவிட்டிருந்தது. “சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கும், தானே சரியாகும்” என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. நான் கண் பரிசோதகர்.

இரட்டைப் பார்வை என்றதும் முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், பிறகு மற்றதை. எதை மூடினாலும் இரட்டை மறைந்தால் இரு கண்களும் ஒரே புள்ளியை நோக்கவில்லை என்று பொருள். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றதில் இரட்டை தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குள்தான், கண்புரை போல. அத்தைக்கு மறைந்தது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூளையிலிருந்து வரும் மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகள் அவற்றுக்குக் கட்டளை தருகின்றன. இமையைத் தூக்குவதும் கண்பாவையைச் சுருக்குவதும் மூன்றாம் நரம்பின் வேலை. எனவே இமை தொங்கிப் பார்வையும் இரட்டித்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

அந்த நரம்பின் அமைப்பே ஒரு துப்பு தருகிறது. கண்பாவைக்குச் செல்லும் இழைகள் நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. சர்க்கரை நோய் நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களை அடைக்கும்போது பெரும்பாலும் உள்பகுதி பட்டினி கிடக்கிறது, கண்பாவை தப்பிவிடுகிறது. மூளைத் தமனியில் பலூன் போன்ற வீக்கம் ஏற்பட்டு வெளியிலிருந்து அழுத்தினாலோ, கண்பாவை விரிந்துவிடும். அந்த வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. விரிந்த கண்பாவையோடு இமை தொங்கினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த விதி எப்போதும் கைகொடுக்காது என்பதால், கண்பாவை சரியாக இருந்தாலும் மருத்துவர்கள் ரத்தக்குழாய் ஸ்கேன் கேட்பதுண்டு. வலியை வைத்தும் பிரிக்க முடியாது. சர்க்கரையால் வரும் வாதத்திலும் புருவம் கடுமையாக வலிக்கும். நம்முடைய கருவிழியில் கண்பாவையின் அளவு எளிதில் தெரியாது. பக்கவாட்டில் டார்ச் பிடித்து இரு கண்களையும் ஒப்பிட்டேன். சமமாக இருந்தன.

ஆனால் நரம்பு அடைபட்டால் கண் காலையில் குணமாகி மாலையில் கெடுவதில்லை. ஒருமுறை விழுந்தால் வாரக்கணக்கில் அப்படியே இருந்து, பொதுவாக மூன்று மாதத்திற்குள் மெல்ல மீளும். அத்தையின் இமையோ நாளுக்குள்ளேயே ஏறி இறங்கியது. அடுத்த வாரம் இடது இமையும் தொங்கியது. கோளாறு நரம்பில் அல்ல, நரம்பு தசையைத் தொடும் இடத்தில் என்று தோன்றியது.

அந்தச் சந்திப்பில் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. தசை அதை ஏற்பிகளால் பிடித்துச் சுருங்குகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே அந்த ஏற்பிகளைத் தாக்குகிறது. முதல் சில கட்டளைகள் வேலை செய்யும். தொடர்ந்து வரும் கட்டளைகளுக்குச் சுரப்பு குறையக் குறைய, மிஞ்சிய ஏற்பிகள் போதாமல் போகின்றன. உழைக்க உழைக்கத் தசை சோர்வதும், ஓய்வெடுத்தால் தேறுவதும் இதனால்தான். கண்பாவையை இந்நோய் தொடாது.

அத்தையை இரண்டு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னேன். இமை மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தேன். குளிரில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மந்தமாகிறது. வேதிப்பொருள் அதிக நேரம் நிற்கிறது. இமைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டராக இருந்த திறப்பு 8 ஆனது. 2 மில்லிமீட்டர் உயர்ந்தாலே சோதனை நேர்மறை. கண்ணை மூடி ஓய்வெடுத்தாலும் இமை சற்று உயரும் என்பதால், இன்னொரு நாள் பனிக்கட்டி இல்லாமலும் அளந்தேன்; அரை மில்லிமீட்டர்தான் ஏறியது.

அத்தையின் ரத்தத்தில் ஏற்பிக்கு எதிரான புரதம் கிடைக்கவில்லை. கண்ணோடு நிற்கும் மயஸ்தீனியாவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது அகப்படாது. ஆகவே அந்த முடிவை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. நரம்பியல் மருத்துவர் ஒற்றைத் தசை இழையின் மின்துடிப்பை அளந்து உறுதிசெய்தார். தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மார்பையும் ஸ்கேன் செய்தார், இல்லை. மெல்லவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் காத்திருக்காமல் வரச் சொன்னார், ஏனெனில் கண்ணில் தொடங்கும் இந்நோய் பலருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் மற்ற தசைகளுக்கும் பரவுகிறது.

அந்த மருத்துவரிடம் நாங்கள் கொண்டுபோனது அத்தையின் மகள் கைபேசியில் எடுத்த இரண்டு படங்கள்: காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. முதல் மருத்துவர் பார்த்தது காலை முகத்தை மட்டும்தான்.