ஸ்டிக்கர் ஒட்டினால் என்.சி. மூடிவிடாது

போன ஆடிட்டில் மூடிய என்.சி., அதாவது தேவைக்கு இணங்காததைச் சுட்டிக்காட்டும் பதிவு, இந்த முறை வேறொரு மைக்ரோமீட்டரில் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. உதிரிபாகத் தொழிற்சாலைகளில் உள்ளகத் தர ஆடிட் செய்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழகிப்போகக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் என்.சி.யில் இருந்த வாசகம்: "சில அளவுக் கருவிகளுக்கு உரிய காலத்தில் கேலிபரேஷன் செய்யப்படவில்லை." எந்தக் கருவி, எந்த மெஷினில், எத்தனை நாள் தாமதம் என்று எதுவுமே இல்லை. எழுதியவருக்கு நினைவிருக்கலாம். மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்க வருகிறவர் எதைப் போய்ப் பார்ப்பார்?

இப்படி எழுதியிருக்கலாம்: "பயன்பாட்டில் உள்ள மைக்ரோமீட்டர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேலிபரேஷன் செய்ய வேண்டும் என்று நமது செயல்முறை சொல்கிறது (ஐஎஸ்ஓ 9001:2015, பிரிவு 7.1.5.2). மார்ச் 12-ஆம் தேதியோடு கெடு முடிந்த எம்-14 மைக்ரோமீட்டர், மே 9 அன்று கிரைண்டிங் பிரிவின் இரண்டாம் ஷிஃப்ட்டில் 20 மி.மீ. ஷாஃப்ட்டின் இறுதி அளவை எடுக்கப் பயன்பட்டது." என்ன தேவை, என்ன கண்டோம் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. "ஆபரேட்டர் அலட்சியம்" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது நீங்கள் கண்ட சான்று இல்லை, விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு.

அடுத்தது பதில். "எம்-14 கேலிபரேஷன் செய்யப்பட்டது, ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, க்ளோஸ் செய்யவும்." தயவுசெய்து இதைத் திருத்த நடவடிக்கை என்று அனுப்பாதீர்கள். கேலிபரேஷன் செய்தது அந்த ஒரு கருவியைச் சரிசெய்தது, அவ்வளவுதான். கூரை ஒழுகும் இடத்தில் தரையைத் துடைத்ததற்குச் சமம். துடைக்கத்தான் வேண்டும், ஆனால் ஓட்டையை யாரும் தேடவில்லை. கெடு முடிந்த கருவி எப்படி லைனில் தங்கியது, அதே வழியில் வேறு எவை தங்கியிருக்கின்றன என்ற கேள்விகளுக்குப் பதில் வந்தால்தான் திருத்த நடவடிக்கையே தொடங்குகிறது. பிரிவு 10.2 கேட்பதும் இதைத்தான். பயிற்சியைப் பொறுத்தவரை, அந்த ஆபரேட்டருக்குத் தெரியாதது எது? ஸ்டிக்கரில் தேதி இருக்கிறது, அவருக்குப் படிக்கவும் தெரியும். மாற்றுக் கருவி கொடுக்காமல் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

அந்தக் கருவியைச் சரிசெய்த வேலையிலும் பாதி விட்டுப்போயிருந்தது. கேலிபரேஷன் அறிக்கையில், அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் எடுத்த அளவுகளை யாரும் பார்க்கவில்லை. எம்-14-இன் ஜீரோ சரியாக இருந்தது, ஆனால் 20 மி.மீ. அருகே 0.008 மி.மீ. குறைத்துக் காட்டியது. ஷாஃப்ட்டின் அனுமதி 19.979 முதல் 20.000 வரை. அப்படியானால் 19.992-க்கு மேல் படித்து பாஸ் செய்த ஒவ்வொரு ஷாஃப்ட்டும் உண்மையில் 20.000-ஐத் தாண்டியிருக்கும். கருவி எப்போது பிசகியது என்று தெரியாததால், முந்தைய கேலிபரேஷனுக்குப் பிறகு அதில் அளந்த லாட்டுகளெல்லாம் கேள்விக்குறிதான். கையிருப்பை மறுபடி அளந்து, அனுப்பிவிட்டவை பற்றி வாடிக்கையாளரிடம் பேச வேண்டியிருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும். புது ஸ்டிக்கரால் அது தீராது.

காரணத்தைத் தேடியபோது தெரிந்தது இது. கருவிகளைச் சேகரிக்கிறவர் முதல் ஷிஃப்ட்டில் மட்டும் வருவார். எம்-14 இரண்டாம் ஷிஃப்ட்டின் பூட்டிய டிராயரில் இருக்கும். பதிவேட்டில் "கருவி கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டு அவர் போய்விடுவார். அந்தக் குறிப்புக்கு அப்புறம் யார் என்ன செய்ய வேண்டும் என்று செயல்முறையில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியைச் சேர்த்து, கிடைக்காத கருவியை அன்றே தேடிப் பிடிக்கும் பொறுப்பை ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் கொடுத்து, மாற்று மைக்ரோமீட்டரையும் ஸ்டோரில் வைத்தார்கள். இது திருத்த நடவடிக்கை.

இனி சரிபார்ப்பு. திருத்திய செயல்முறையையும் பயிற்சி வருகைத் தாளையும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அவை காட்டுவது செய்தார்கள் என்பதை மட்டுமே, பலித்ததா என்பதை அல்ல. குறைந்தது ஒரு கேலிபரேஷன் சுற்றாவது முடியட்டும். அப்புறம் இரண்டாம் ஷிஃப்ட்டில் போங்கள். பட்டியலிலிருந்து கருவியைத் தேடாமல், மெஷின் அருகே கண்ணில் படும் கருவியை எடுத்து அதன் எண்ணைப் பட்டியலில் தேடுங்கள். பட்டியலிலேயே ஏறாத கருவிகள் அப்போதுதான் சிக்கும். பதிவேட்டில் "கிடைக்கவில்லை" என்ற குறிப்பு ஏதாவது வந்திருந்தால், அதன்பின் என்ன நடந்தது என்று அந்த ஒன்றை முழுதாகப் பின்தொடருங்கள். குறிப்பே வரவில்லை என்றால் புதிய வழி இன்னும் சோதிக்கப்படவில்லை, என்.சி. திறந்தே இருக்கட்டும்.

வெளி ஆடிட் அடுத்த வாரம் என்று மூடச் சொல்லி நெருக்குவார்கள். காரணமும் இலக்குத் தேதியும் எழுதிய, திறந்திருக்கும் என்.சி.யை எந்த ஆடிட்டரிடமும் தைரியமாகக் காட்டலாம். சான்றில்லாமல் மூடியதைத்தான் காட்ட முடியாது.