நெடுங்கண்டத்துக்கு 160 நிமிடமா?

"கம்பம் வழியாகப் போனால் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. உங்கள் பெட்டி எதற்குத் தம்பி என்னைப் போடிமெட்டு ஏறச் சொல்கிறது?"

கேட்டவர் தேனியிலிருந்து இடுக்கி மலைக்கு ஏலக்காய்த் தோட்டச் சாமான்களை ஏற்றிப் போகும் ஓட்டுநர் அண்ணன். அந்த வண்டிகளுக்கு வழி சொல்லும் நிரல் எங்கள் கைவேலை. குறைந்த நேரப் பாதையை அது டைக்ஸ்ட்ரா முறையில் தேடும். நிரல் சொன்ன நேரம் 160 நிமிடம். ஓட்டுநர் சொன்னதுதான் சரி. பிழை ஒரே ஒரு வரியில் இருந்தது. திரையில் அந்த வரியை மூன்று பேர் படித்தும் கண்ணில் படவில்லை. காகிதத்தில் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. இதே பிழையைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அந்தக் காகிதத்தை இங்கே விரிக்கிறேன்.

ஒவ்வொரு சாலைக்கும் மதிய நேரத்துக்கு நாங்கள் வைத்திருந்த எடைகள், அதாவது அதைக் கடக்க ஆகும் நேரம், நிமிடக் கணக்கில், இவை. தேனி–போடி 25, தேனி–கம்பம் 60. போடியிலிருந்து போடிமெட்டு 50, அங்கிருந்து பூப்பாறை 15. பூப்பாறையிலிருந்து நெடுங்கண்டம் 70, மூணாறு 55. இந்தப் பக்கம் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு 35, குமுளி 45. கம்பம்மெட்டிலிருந்து நெடுங்கண்டம் 45, குமுளியிலிருந்து நெடுங்கண்டம் 75.

காகிதத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், ஒவ்வோர் ஊருக்கும் இதுவரை தெரிந்த குறைந்த நேரமும் எந்த ஊர் வழியாக அது வந்தது என்பதும். வலப்பக்கம் முன்னுரிமை வரிசை. அதில் எதை எப்போது போட்டாலும், எடுக்கும்போது மிகச் சிறிய எண்தான் வெளியே வரும். தொடக்கத்தில் அதில் தேனி மட்டும், 0 என்ற எண்ணோடு.

தேனியை எடுக்கிறோம். போடி 25, கம்பம் 60 உள்ளே போகின்றன. சிறியது போடி, அதை எடுத்தால் போடிமெட்டு 75 சேர்கிறது. அடுத்துச் சிறியது கம்பம் 60. அதை எடுத்ததும் கம்பம்மெட்டு 95, குமுளி 105. இப்போது 75 என்று நிற்கும் போடிமெட்டின் முறை; அது பூப்பாறையை 90 என்று உள்ளே தள்ளுகிறது. கணக்கு இப்படி ஒரு மலைக்கும் மறு மலைக்குமாகத் தாவுவதைப் பார்த்துச் சிலர் குழம்புவார்கள். அது ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவதில்லை. தேனியிலிருந்து நேரம் எல்லாப் பக்கமும் தண்ணீர்போலப் பரவுகிறது. அது முதலில் தொடும் ஊர்தான் முதலில் வெளியே வருகிறது.

பூப்பாறை 90-ஐ எடுக்கிறோம். நெடுங்கண்டம் 160, மூணாறு 145 உள்ளே போகின்றன. நாம் தேடும் ஊர் முதன்முதலாகக் காகிதத்தில் வந்துவிட்டது. எங்கள் நிரல் தவறியது இந்த இடத்தில்தான். சரியாகப் போட்டால் அடுத்து வெளியே வருவது கம்பம்மெட்டு 95. அதோடு 45 சேர்த்தால் நெடுங்கண்டம் 140. இடப்பக்கத்தில் 160-ஐ அடித்து 140 என்று எழுதி, வந்த வழியையும் பூப்பாறையிலிருந்து கம்பம்மெட்டாக மாற்ற வேண்டும். எண்ணைத் திருத்திவிட்டு வழியைத் திருத்த மறந்தால் நேரம் சரியாகவும் பாதை தவறாகவும் வரும்; அது இன்னும் மோசம். வலப்பக்கம் 140 புதிதாகச் சேர்கிறது. பழைய 160 அங்கேயே கிடக்கட்டும்.

அடுத்து குமுளி 105. அது நெடுங்கண்டத்துக்கு 180 தருகிறது. கையில் 140 இருப்பதால் தள்ளிவிடுகிறோம். அதன் பிறகு நெடுங்கண்டம் 140 வெளியே வருகிறது. இப்போதுதான் நிறுத்தலாம். வரிசையில் மிச்சம் மூணாறு 145, செத்துப்போன நெடுங்கண்டம் 160. எந்த எடையும் பூச்சியத்துக்குக் கீழே இல்லாதவரை, 140-க்கு மேல் நிற்கும் எதுவும் 140-ஐக் குறைக்க முடியாது.

எங்கள் நிரலில் இருந்தது இது:

```python
if v not in seen:
    seen.add(v)
    heappush(q, (d + w, v))
```

ஊரை வரிசையில் போடும்போதே முடிந்ததென்று குறித்துவிடுகிறது. பூப்பாறை 160 என்று போட்டதும் நெடுங்கண்டத்தின் கதவு மூடிவிட்டது. கம்பம்மெட்டு 140-ஐக் கொண்டுவந்து தட்டியபோது திறக்க ஆளில்லை. எழுதிய தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாச் சாலைக்கும் ஒரே எடை இருக்கும் அகலவாக்குத் தேடலில் போடும்போதே குறிப்பதுதான் சரி. அங்கே கற்ற பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டது. எடை வந்துவிட்டால் ஊர் முடிவது வரிசையிலிருந்து எடுக்கும்போதுதான்.

```python
d, u = heappop(q)
if d > dist[u]:
    continue
if u == goal:
    break
for v, w in adj[u]:
    if d + w < dist[v]:
        dist[v] = d + w
        prev[v] = u
        heappush(q, (d + w, v))
```

இரண்டாவது வரிதான் அந்தச் செத்த 160 போன்றவை வெளியே வந்தால் தாண்டிப் போகும் வரி. பைத்தானின் `heapq`-இல் உள்ளே கிடக்கும் எண்ணைக் குறைக்கும் வசதி கிடையாது. அதனால் பழையதைத் தேடி நீக்காமல் விட்டுவிட்டு, வெளியே வரும்போது கழித்துவிடுகிறோம்.

கையால் போட்டதைத் திரையோடு ஒப்பிடும்போது ஒரு தடுமாற்றம் வரும். பூப்பாறையை முடித்த கையோடு `q`-வை அச்சிட்டால் எண்கள் 95, 105, 160, 145 என்று வரும். 160-க்குப் பின்னால் 145 நிற்பதைப் பார்த்து வரிசை கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். ஹீப் முழுவதும் அடுக்கி வைப்பதில்லை. ஒவ்வோர் எண்ணும் தனக்குக் கீழே உள்ள இரண்டைவிடப் பெரிதாக இராது என்பது மட்டுமே அதன் உறுதி. முதல் எண்ணை மட்டும் நம்புங்கள்.

டைக்ஸ்ட்ரா இந்த முறையை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், காகிதமும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1959-இல் அச்சானது. நமக்குக் காகிதம் வேண்டும்.

பிழை இருக்கிறதா என்று நிரலை வைத்தே பார்க்கவும் வழி உண்டு. நடுவில் நிறுத்தாமல் எல்லா ஊருக்கும் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சாலையாக எடுத்து, ஒரு முனையின் நேரத்தோடு சாலையின் எடையைக் கூட்டுங்கள். அது மறுமுனையின் நேரத்தைவிடக் குறைவாக வந்தால் எங்கோ தவறு. எங்கள் பிழை நிரலில் கம்பம்மெட்டின் 95 கூட்டல் 45, நெடுங்கண்டத்தின் 160-ஐவிடக் குறைவு. உடனே அகப்பட்டிருக்கும்.

மைனஸ் எடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரும்பும் லோடு கிடைத்தால் அதன் வரவைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை யோசனை வந்தது. மூணாறிலிருந்து நெடுங்கண்டத்துக்கு ஒருவழியாக மைனஸ் 10 என்று வையுங்கள். மூணாறு வழி 135 ஆகிறது. ஆனால் மூணாறு 145-இல் வெளியே வருவதற்குள் நெடுங்கண்டம் 140-இல் முடிந்துவிடும். அப்படிப்பட்ட எடைகளுக்கு பெல்மன்–ஃபோர்டு முறைதான்.

இத்தனை நாள் பிழை எப்படி மறைந்திருந்தது? காலையில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறும். அந்த நேரத்துக்கு அந்தச் சாலையின் எடையை 35-க்குப் பதில் 60 என்று வைத்திருந்தோம். அப்போது கம்பம்மெட்டு 120, அவ்வழியே நெடுங்கண்டம் 165. போடிமெட்டு வழியின் 160 சரியான விடைதான். நாங்கள் சோதனைகளை எல்லாம் காலை எடைகளை வைத்தே ஓட்டியிருந்தோம். அண்ணன் வண்டியை எடுத்தது மதியம் இரண்டு மணிக்கு.