ஸ்டட் என்றால் முளை

நம் ஊரில் கால்பந்து ஷூவையே ‘ஸ்டட்ஸ்’ என்கிறோம். உண்மையில் அந்தப் பெயர் அதன் அடியில் துருத்தி நிற்பவற்றுக்கு உரியது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டுடு’ என்றால் நட்டு வைத்த கம்பம், முட்டுக்கால். பிறகு ஆணியின் கொண்டைக்கும் காதில் போடும் ஒற்றைக்கல் தோட்டுக்கும் அதே சொல் வந்தது. குதிரைப் பண்ணையைக் குறிக்கும் ஸ்டட் பழைய ஆங்கிலத்தில் வேறு சொல்.

தமிழில் ‘குமிழ்’ எனலாம். ஆனால் ‘முளை’தான் பொருத்தம் என்பேன். மாடு கட்ட மண்ணில் அடிக்கிறோமே, அந்த முளை. குமிழ் மேலே இருப்பது, முளை உள்ளே இறங்கிப் பிடிப்பது. முளை தரையில் இறங்குமா, திரும்பும்போது விடுமா என்று பார்த்தால் ஷூ தேர்வில் பாதி முடிந்தது.

எஃப்ஜி என்ற குறியை ‘உறுதியான தரை’ என்று படித்துவிட்டு, அக்கா மகனுக்கு ஒரு ஜோடி வாங்கினேன். அவன் ஆடுவது காய்ந்த செம்மண் தரையில். அரை மணி ஆட்டத்துக்குப் பின் ஷூவைக் கழற்றினால், முன்பாதத்தில் முளை இருந்த இடமெல்லாம் சிவந்த வட்டங்கள். எஃப்ஜி என்பது முளை இறங்கக்கூடிய இயற்கைப் புல்தரைக்கானது. கட்டாந்தரையில் முளை இறங்காததால் உடல் எடை முழுவதும் அந்தச் சில புள்ளிகளில் நிற்கிறது. அங்கே டிஎஃப் எனும், சிறு ரப்பர் முளைகள் நிறைய உள்ள ஷூதான் நல்லது.

மாலையில் அவன் வாடகை டர்ஃபுக்கும் போவான். அங்கே சிக்கல் தலைகீழ். நீள முளை, அதுவும் கத்தி போல் தட்டையானது, செயற்கைப் புல்லில் இறுகிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கம் முழங்காலுக்கு ஏறும். செயற்கைப் புல்லுக்கான ஏஜி ஷூவில் முளைகள் குட்டை, எண்ணிக்கை அதிகம், பெரும்பாலும் வட்டம், அதனால் எளிதில் விடும். கம்பளம் போன்ற குட்டைப் புல் என்றால் டிஎஃப்பே போதும். அவனுக்குக் கடைசியில் டிஎஃப் வாங்கினோம், இரண்டு இடத்துக்கும் ஒன்றே ஆயிற்று.

ஈரப் புல்தரைக்கு எஸ்ஜி. திருகிப் பொருத்தும் நீள முளைகள், நுனி பெரும்பாலும் உலோகம். 1954 உலகக்கோப்பை இறுதியில் பெர்னில் மழை கொட்டியது. மேற்கு ஜெர்மனி அணிக்கு, அடிடாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அடி டாஸ்லர் நீளமான திருகு முளைகளை மாட்டிக் கொடுத்தார், ஹங்கேரி 3–2 எனத் தோற்றது. வெற்றிக்கு முளை மட்டும் காரணமில்லைதான். எஸ்ஜியை டர்ஃபில் மட்டும் போட்டுவிடாதீர்கள், புல்லும் கிழியும், முழங்காலும் கெடும்.

அப்புறம் அளவு. முளை மண்ணைப் பிடித்தாலும் ஷூவுக்குள் கால் வழுக்கினால் பயனில்லை. ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸோடு, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பாருங்கள். விரல் முன்னே அரை சென்டிமீட்டர் போல இடம் போதும். நுனிக்காலில் எழும்பும்போது குதிகால் கழன்று வந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.