எட்டாம் படியில் ஜெயித்தாலும் 412 ரூபாய் நஷ்டம்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்திலிருந்து கடன் ஆலோசனைக்கு வருகிறவர்களின் வங்கிக் கணக்கறிக்கையில் ஒரே மாதிரியான வரிசை ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. இரவு பத்தரைக்கு 500 ரூபாய் போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் 1,000, பிறகு 2,000, பிறகு 4,000. பணம் போன பெயர் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். மளிகையோ மருந்தோ இப்படி இரட்டித்துக்கொண்டு போகாது. கேட்டால் பதில் தயாராக வரும்: "டபுள் போட்டுத்தான் ஆடறேன் சார். எப்படியும் ஒரு தடவை அடிச்சுடும், போனதெல்லாம் வந்துடும்."

தோற்றால் இரண்டு மடங்கு, மறுபடி தோற்றால் அதற்கும் இரண்டு மடங்கு, ஜெயித்ததும் மறுபடி முதல் தொகை. இந்த முறைக்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். பழைய முறை, ஐரோப்பாவின் சூதாட்ட விடுதிகளில் பல தலைமுறைகளாக ஆடித் தோற்றது. இப்போது செல்போனில், கலர் ஆட்டம் என்றும் பெரியது-சிறியது என்றும் சொல்லப்படும் ஆட்டங்களில் புதுப்பேரோடு சுற்றுகிறது. டெலிகிராம் குழுக்களில் ஒவ்வொரு இரட்டிப்பையும் 'லெவல்' என்பார்கள்.

இந்த முறையில் ஆடுகிறவர் சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை. அவர் நிஜமாகவே தினமும் ஜெயிக்கிறார். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மாத இலைப் பணம் 25,500 ரூபாய் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்றால் இது 1,275 கிலோ இலை. அதை அப்படியே ஆப்பில் ஏற்றி, பெரியது-சிறியது ஆட்டத்தில் 100 ரூபாயில் தொடங்குகிறார். 0 முதல் 4 வரை வந்தால் சிறியது, 5 முதல் 9 வரை வந்தால் பெரியது. ஆக, பாதிக்குப் பாதி வாய்ப்பு. 100, 200, 400 என்று இரட்டித்தால் எட்டாவது பந்தயம் 12,800. எட்டையும் கூட்டினால் சரியாக 25,500. அதாவது எட்டு படி வரை தாங்குவார்.

எட்டும் தொடர்ந்து தோற்க என்ன வாய்ப்பு? பாதியின் பாதி என்று எட்டு தடவை வகுத்தால் 256-இல் ஒன்று. 100 ரூபாயில் தொடங்கி, ஜெயிக்கும்வரையோ எட்டும் தோற்கும்வரையோ ஆடுவதை ஒரு சுற்று என்போம். மீதி 255 சுற்றுகளில் எங்கேயோ ஒரு படியில் அடித்துவிடும், 100 ரூபாய் லாபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 255 சுற்றில் வரும் 100 ரூபாய்களைக் கூட்டினால் 25,500. அந்த ஒரு சுற்றில் போவதும் 25,500. கமிஷனே இல்லாத, கொஞ்சமும் ஏமாற்றில்லாத ஆட்டத்தில்கூட மார்ட்டிங்கேல் ஒரு ரூபாய் சம்பாதிப்பதில்லை. நஷ்டத்தைச் சிறு சிறு துண்டாகத் தராமல், சேர்த்து வைத்து ஒரே நாளில் தருகிறது. அவ்வளவுதான் அது செய்யும் வேலை.

இதற்கு மேல் ஆப்பின் பங்கு இருக்கிறது. இந்த ஆட்டங்களில் வழக்கமாகப் பந்தயத் தொகையில் 2 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். 100 வைத்தால் 98-க்குத்தான் ஆட்டம். ஜெயித்தால் கைக்கு வருவது 196. லாபம் 100 இல்லை, 96. நான்கு ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறார்கள். இரட்டிக்கும்போது அந்த நான்கும் கூடவே இரட்டிக்கிறது. ஒவ்வொரு படியில் ஜெயித்தால், அதுவரை தோற்றதைக் கழித்து, கையில் என்ன நிற்கும் என்று பாருங்கள்:

1-ஆம் படி: பந்தயம் 100, மிச்சம் 96
2-ஆம் படி: பந்தயம் 200, மிச்சம் 92
3-ஆம் படி: பந்தயம் 400, மிச்சம் 84
4-ஆம் படி: பந்தயம் 800, மிச்சம் 68
5-ஆம் படி: பந்தயம் 1,600, மிச்சம் 36
6-ஆம் படி: பந்தயம் 3,200, நஷ்டம் 28
7-ஆம் படி: பந்தயம் 6,400, நஷ்டம் 156
8-ஆம் படி: பந்தயம் 12,800, நஷ்டம் 412

ஆறாம் படியிலிருந்து ஜெயித்தாலே நஷ்டம். ஏழு தடவை தோற்று, கை நடுங்க 12,800 வைத்து, அது அடித்தும் 412 ரூபாய் குறைகிறது. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. அந்த நேரத்தில் திரையில் பெரிய பச்சை எழுத்தில் தெரிவது 25,088 ரூபாய் வந்தது என்பது மட்டுமே. எல்லாப் படிகளையும் அதனதன் வாய்ப்போடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்குச் சராசரி 16 ரூபாய் நஷ்டம். எப்படி 16? எட்டு படி வரை போகத் தயாராக இருப்பவர் ஒரு சுற்றில் சராசரியாக 800 ரூபாயைப் பந்தயத்தில் உருட்டுகிறார். அதில் 2 சதவீதம் 16. நூறு ரூபாய் ஆட்டம் ஆடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் எண்ணூறு ரூபாய் ஆட்டம்.

"நான் ஆடிப் பார்த்துட்டேன், வேலை செய்யுது" என்பவர்களுக்கு என்ன பதில்? 256-இல் ஒன்று என்கிற விபத்து 100 சுற்றுக்குள் வராமலே போக 68 சதவீத வாய்ப்பு உண்டு. ஆக, 100 சுற்று ஆடிப் பார்க்கும் மூன்று பேரில் இரண்டு பேர் ஒருமுறைகூட விழாமல், ஏறக்குறைய 8,400 ரூபாய் லாபத்தோடு இருப்பார்கள். டீக்கடையில் பேசுவதும் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுவதும் இந்த இரண்டு பேர்தான். மூன்றாமவர் வாய் திறப்பதில்லை. விழாதவர்களின் அனுபவத்தை மட்டும் கேட்டுவிட்டு இந்த முறையை எடைபோட முடியாது. அவர்களும் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

256 சுற்று என்றவுடன் பல மாதம் ஆகும் என்று தோன்றுகிறது. ஒரு சுற்று சராசரியாக இரண்டு பந்தயத்தில் முடிந்துவிடும். பந்தயக் கணக்கில் சொன்னால், எட்டுத் தொடர் தோல்வி முதல்முறை வர சராசரியாக 510 பந்தயம் ஆகும். ஒரு நிமிட ஆட்டத்தில் அது எட்டரை மணி நேரம். அரை நிமிட ஆட்டத்தில் நாலே கால் மணி நேரம். ஒரு நிமிட ஆட்டத்தை இரவில் மூன்று மணி நேரம் ஆடினாலே 180 பந்தயம். அன்றைக்கே விழ பத்தில் மூன்று வாய்ப்புக்குச் சற்றுக் குறைவு. ஊட்டியில் குதிரை ரேஸ் நடந்த காலத்தில்கூட ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே யோசிக்க நேரம் கிடைத்தது. இங்கே அதுவும் கிடையாது.

"ஏழு தடவை சிறியதே வந்துடுச்சு, இனி பெரியதுதான்" என்ற நம்பிக்கைதான் ஏழாம் படியில் இருப்பவரை எட்டுக்கு ஏற்றுகிறது. முன்னால் என்ன வந்தது என்று அடுத்த எண்ணுக்குத் தெரியாது. எட்டாவதிலும் பாதிக்குப் பாதிதான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மோன்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரம் தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே நின்றது. இனி சிவப்புதான் என்று பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் மொத்தமாக இழந்தார்கள். 100 ரூபாயில் தொடங்கி அந்த 26-ஐயும் இரட்டித்திருந்தால் அதற்குள் போயிருக்கும் தொகை 671 கோடி ரூபாய்.

கையில் இன்னும் பணம் இருந்தால் தப்பிக்கலாமே என்றும் கேட்பார்கள். ஒன்பது படிக்கு 51,100 வேண்டும், பத்துக்கு 1,02,300. ஒவ்வொரு படி கூடும்போதும் விழும் வாய்ப்பு பாதியாகிறது, விழுந்தால் போகும் தொகை இரட்டிப்பாகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆப்பின் பங்கு மட்டும் நிற்கிறது: பத்தாம் படியில் ஜெயித்தால் 1,948 ரூபாய் நஷ்டம். இதைத் தெரிந்துகொண்டோ என்னவோ, சில குழுக்கள் மூன்று மடங்கு போடச் சொல்கின்றன. 100, 300, 900, 2,700, 8,100 என்று ஐந்து படிக்கே 12,100 ஆகிவிடும். ஆறாவது பந்தயம் 24,300. 25,500 வைத்திருப்பவருக்கு அது எட்டாது. ஐந்து படியோடு நிற்க வேண்டும். ஜெயிக்கும்போது லாபம் கொழுக்கும் என்பது உண்மை. ஆனால் விழும் வாய்ப்பு 256-இல் ஒன்றிலிருந்து 32-இல் ஒன்றாக ஏறிவிட்டது.

ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பதாம் படியில்தான் வருகிறார்கள், அல்லது அவர்களின் வீட்டார் வருகிறார்கள். எட்டு தோற்று 25,500 போய்விட்டது. முறைப்படி அடுத்து 25,600 வைக்க வேண்டும். அது கையில் இல்லை. இந்த முறையில் நிறுத்துவதற்கென்று ஒரு படியே கிடையாது. நிறுத்தினால் முழுவதும் நஷ்டம், தொடர்ந்தால் "வந்துடும்". மகளிர் குழுத் தவணைப் பணம், உரத்துக்கு எடுத்துவைத்தது, அவசர நகைக்கடன், கடன் ஆப் எல்லாம் உள்ளே வருவது இந்த இரவில்தான். "ஒரே ஒரு 25,600 கொடுங்க" என்று கேட்கிறவரிடம் சொற்பொழிவு எடுபடாது. காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் காட்டலாம். ஜெயித்தால்: 24,576 லாபம், முன்பு போனது 25,500, ஆகவே 924 ரூபாய் நஷ்டம். தோற்றால்: 51,100 நஷ்டம். போட்டதை முழுதாக மீட்கும் வழி அந்தப் பந்தயத்தில் இல்லவே இல்லை. இதை அவரே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். நாம் சொல்லிக் கேட்டால் பதியாது.

இதுவரை போட்ட கணக்கு எல்லாமே ஆட்டம் நேர்மையானது என்று வைத்துப் போட்டது. அடுத்து வரும் எண்ணை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பார்க்க ஆடுகிறவருக்கு வழியில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்திருக்கிறது. ஆகவே இன்றும் ஓடும் ஆப் சட்டத்துக்கு வெளியேதான் ஓடுகிறது. புகார் சொல்ல அதற்கு ஒரு அலுவலகம் இருக்காது.

வீட்டில் சந்தேகம் இருந்தால் ஆப்பில் தெரியும் 'வின்' பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை. அதில் ஏறக்குறைய பாதி பச்சையாகத்தான் இருக்கும். வங்கியிலிருந்து ஆறு மாத அறிக்கையை எடுத்து இரண்டே தொகையைக் கூட்டுங்கள்: ஆப்புக்குப் போனது, ஆப்பிலிருந்து திரும்பி வங்கிக்கு வந்தது. வாலட்டில் இருப்பதாகக் காட்டும் தொகையைச் சேர்க்க வேண்டாம். வங்கிக்கு வராதது வரவு இல்லை. பெறுபவர் பெயர் மாறிக்கொண்டே இருப்பதால் பெயரை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும். நேரத்தையும், இரட்டிக்கும் தொகையையும் வைத்துத் தேடுங்கள்.

அடுத்தது, இலைப் பணம் வரும் கணக்கையும் யுபிஐ இணைத்த கணக்கையும் பிரிப்பது. தொழிற்சாலையில் கணக்கு எண்ணை மாற்றிக் கொடுத்து, வீட்டில் இருவர் கையெழுத்தும் வேண்டிய கூட்டுக் கணக்குக்குப் பணம் வரும்படி செய்யலாம். போனில் உள்ள கணக்கின் தினசரி யுபிஐ வரம்பைக் குறைக்க வங்கியில் கேளுங்கள். ஒன்பதாம் படிக்கான பணம் இரவு பதினோரு மணிக்குக் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், பெரும்பாலான சேதம் அங்கேயே நின்றுவிடும். ஆட்டத்தை விடமுடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்று ஆப் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் போன ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க யுடிஆர் எண், தேதி, நேரம், தொகை நான்கையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பேசினால் புகார் பதிவு சீக்கிரம் முடியும்.